பணி நிறைவு விழா வாழ்த்துரை: நீங்கள் எதை நீக்கினீர்கள், எதை வைத்தீர்கள்?

தமிழாசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி

எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வக உதவியாளர் மே 31 அன்று பணி நிறைவு பெற்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே பள்ளி. தலைமையாசிரியர் தம் வாழ்த்துரையை எழுதி, "எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள், அம்மா" என்று என்னிடம் தந்தார். பிழை அதிகம் இல்லை. ஆனால் வாய்விட்டு வாசித்துப் பார்த்தபோது பதினான்கு நிமிடம் ஓடியது. அதைவிட என்னை உறுத்தியது வேறு. அத்தனையும் அன்பாக எழுதப்பட்டிருந்தது, ஆனால் அந்த அன்பு அவரைச் சிறிதாக்கியது.

ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்: "எந்த வேலை சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டார். விருந்தினர் வந்தால் டீ வாங்கி வருவார். மைக் செட் பழுதானால் ஓடி வருவார். இவரைப் போல் ஓர் ஊழியர் இனி நமக்குக் கிடைக்க மாட்டார்." எழுதியவர் மனதில் உண்மையான நன்றி இருந்தது. ஆனால் முன்வரிசையில் அவருடைய மருமகனும் சம்பந்தி வீட்டாரும் அமர்ந்து இதைக் கேட்கும்போது, இத்தனை ஆண்டும் அவர் செய்த வேலை டீ வாங்கி வந்ததுதான் என்று ஆகிவிடும். தலைமையாசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "ஐயா, இவர் செய்து நீங்கள் வியந்த ஆய்வக வேலை எது?" சற்று யோசித்துவிட்டு அவர் சொன்னது வரைவில் எங்குமே இல்லை. அதைத்தான் உரையின் நடுவில் வைத்தோம்:

"பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, ஒவ்வொரு பியூரெட்டிலும் தண்ணீர் நிரப்பித் தாங்கியில் நிறுத்திவிட்டுப் போவார். மறுநாள் காலை முதல் ஆளாக வந்து பார்ப்பார். எதன் அடியில் ஈரம் இருக்கிறதோ, அது மேசைக்கு வராது. கசிந்த பியூரெட்டால் நம் பிள்ளை ஒருவர்கூட மதிப்பெண் இழந்ததில்லை."

வாசிக்க அரை நிமிடம்கூட ஆகாது. வரைவில் இருந்த மற்றொரு நிகழ்ச்சி, புறத் தேர்வாளர் வந்த நாளில் அமிலப் புட்டி உடைந்த கதை, ஒன்றரைப் பக்கம். அதில் யார் எப்போது வந்தார், மழை எப்படிப் பெய்தது, தலைமையாசிரியர் யாருக்குத் தொலைபேசியில் பேசினார் என்றெல்லாம் இருந்தது. கதையின் கடைசி வாக்கியத்தில் யார் செயல்படுகிறார் என்று பார்த்தேன். தலைமையாசிரியர்தான். ஓய்வு பெறுபவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அந்தக் கதையை முழுவதும் எடுத்துவிட்டோம். ஐயா சற்றும் வருந்தவில்லை.

விளிப்பிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தலைமையாசிரியர் அவரைவிட இளையவர். அறைக்குள் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். வரைவில் ஓரிடத்தில் பெயர், ஓரிடத்தில் "நம்ம அண்ணன்", ஓரிடத்தில் "அவர்" என்று மாறி மாறி வந்தது. மேடையில் தொடக்கம் முதல் "ஐயா" என்று வைத்து, கடைசி வாழ்த்து வரியில் மட்டும் "அண்ணே" என்று விட்டோம். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அரங்கு கைதட்டியது.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஆய்வக உதவியாளருடைய மகன் விபத்தில் இறந்தார். வரைவில் அதற்கு ஒரு பத்தியே இருந்தது. அதை நீக்கச் சொன்னேன். நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?

வங்கி மேலாளர்

எங்களுக்கு இடமாற்றம் அடிக்கடி வரும். ஓய்வு பெறுபவரோடு நான் பழகியது சில மாதங்கள்தான் என்பதே பெரும்பாலும் நிலைமை. அதனால் நான் கதை சொல்லவே மாட்டேன். பணிப்பதிவேட்டைப் பார்த்து எந்த ஆண்டு எங்கே சேர்ந்தார், எப்போது பதவி உயர்வு, எந்தெந்தக் கிளை என்று வரிசையாகச் சொல்லி, வாழ்த்தி முடித்துவிடுவேன். தவறு வர வழியே இல்லை. கதை என்று தொடங்கினால்தான் நீளுகிறது, யாராவது மனம் புண்படுகிறார்கள். மூன்று நிமிடம் போதும். மரியாதை என்றால் இதுதான் என்பது என் கருத்து.

ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்

பேச்சைத் திருத்துவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கவலை வேறு, ஏற்புரை. மாலையும் பொன்னாடையும் கழுத்தில் கனக்க, ஒலிவாங்கியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். வாயே வரவில்லை. ஏற்புரை எழுதித் தரவும் யாராவது வேண்டும் ஐயா.

பேச்சைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்கள் பணிமனையில் பேசியவர், நடு இரவில் பிரசவ வலி வந்த பெண்ணைப் பேருந்தோடு அரசு மருத்துவமனைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான் என்று உருக்கமாகச் சொன்னார். செய்தது என்னோடு வேலை பார்த்த இன்னொரு ஓட்டுநர். அவரும் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து மறுக்க முடியுமா? தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். என் கதை என்று ஒன்று உண்டு. மலைப்பாதையில் பிரேக் காற்றழுத்தம் குறைவதைக் கவனித்து, கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். விபத்து நடக்காததால் அது யாருக்கும் நினைவில் இல்லை.

ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர், வருவாய்த் துறை

ஓட்டுநர் ஐயா சொன்னது பெரிய விஷயம். நல்ல வேலை செய்தால் பல நேரம் எதுவும் நடக்காது. எனவே "என்ன நடந்தது" என்று கேட்டால் கதை கிடைக்காது. "இவர் இல்லாத வாரத்தில் எது சிக்கலாகும்" என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்க வேண்டும். ஆசிரியை அம்மா கேட்ட கேள்வியும் அந்த வகைதான். கிடைத்த செய்தியை உடனிருந்த இன்னொருவரிடம் உறுதி செய்துகொள்வதும் அவசியம். விழா நாயகரிடமே கேட்டால் கூச்சப்பட்டு "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்பார்.

வங்கி நண்பர் சொல்வதில் பாதி சரி. தேதி தவறக் கூடாது, அதற்குப் பணிப்பதிவேடு வேண்டும். ஆனால் பதவி வரிசையை முழுக்க வாசித்தால், பிரிவு உபசாரமா ஓய்வூதியக் கருத்துருவா என்று தெரியாமல் போகும். முதலில் சேர்ந்த இடம், கடைசியாக இருந்த இடம், நடுவில் அவர் பெயர் நிலைத்த ஓர் இடம் என்றிருந்தால் போதும்.

பணிப்பதிவேட்டில் இருப்பதெல்லாம் மேடைக்கு உரியதும் அல்ல. நான் பார்த்த ஒரு விழாவில் உயர் அலுவலர் ஒருவர், "17(பி) குறிப்பாணை வந்த காலத்திலும் இவர் கலங்கவில்லை" என்று பாராட்டினார். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டதுதான். அதையும் அவர் சொன்னார். ஆனால் அப்படி ஒரு குறிப்பாணை வந்தது ஓய்வு பெற்றவரின் மனைவிக்கே அன்றுதான் தெரிந்தது. அரங்கில் இருந்தவர்களுக்கு விடுதலை நினைவில் நிற்கவில்லை, குற்றச்சாட்டுதான் நின்றது. "அப்பழுக்கற்ற பணி" என்ற தொடரையும் நான் எழுத விடுவதில்லை. அதே மேடையில் ஓய்வு பெறும் இன்னொருவர் மேல் விசாரணை நிலுவையில் இருந்திருக்கலாம், பக்கத்து நாற்காலி மீது கல் விழும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. அந்தக் காலத்தில் பிறந்த தேதி சரியாகத் தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்த்தபோது மே, ஜூன் என்று ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிட்டார்கள். ஓய்வு மாதக் கடைசி நாளில் வருவதால் மே 31 அன்று ஒரே அலுவலகத்தில் நான்கைந்து பேர் விடைபெறுவது உண்டு. ஒருவருக்குப் பதினான்கு நிமிடம் பேசினால் ஐந்தாமவருக்கு வெறும் பொன்னாடைதான் மிஞ்சும். அவர் குடும்பமும் வெளியூரிலிருந்து வந்து காத்திருக்கும். ஒருவருக்கு நான்கு நிமிடம், அதில் ஒரே ஒரு நிகழ்ச்சி என்பது எங்கள் வழக்கம். அதே நிகழ்ச்சியை முன்னால் பேசுபவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று இரண்டாவதாக ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். அதைப் பெரும்பாலும் சொல்ல வேண்டி வராது.

மகனைப் பற்றிய பத்தியை நீக்கியது சரி. அடுத்து ஏற்புரை சொல்ல வேண்டியவர் அவர். மேடையில் அந்தக் காயத்தைத் தொட்டுவிட்டு, உடனே எழுந்து நன்றி சொல்லுங்கள் என்றால் எப்படி முடியும்?

கிராம நிர்வாக அலுவலர் ஒருவரின் மகள்

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். அப்பாவின் விழாவில் நான்கு பேர் பேசினார்கள். நால்வரும் அவருடைய கோபத்தைப் பற்றித்தான் சொன்னார்கள். "கோபம் இருக்கும் இடத்தில் குணம் இருக்கும்" என்று அன்பாகத்தான் முடித்தார்கள். கூட்டம் சிரித்தது, அப்பாவும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து, "நான் அவ்வளவு கோபக்காரனாகவா இருந்தேன்?" என்று அம்மாவிடம் கேட்டார். வெள்ளம் வந்த ஆண்டில் வீடு வீடாகப் போய் நிவாரணப் பட்டியல் எழுதியதைப் பற்றி ஒருவர்கூடச் சொல்லவில்லை. நாங்கள் அப்பாவைப் பல நாள் பார்க்காதது அந்த வேலைக்காகத்தான்.

கண்காணிப்பாளர் ஐயாவோடு ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. மகன் இறந்ததை நீக்குவதா வைப்பதா என்பது எழுதுபவர் தீர்மானிக்க வேண்டியதல்ல. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். சில வீடுகளில் பிள்ளையின் பெயரை யாரும் சொல்லாமல் விடுவதுதான் அதிகமாக வலிக்கும்.

தமிழாசிரியை

நாங்கள் கேட்கவில்லை. தலைமையாசிரியர் பேசி முடித்தபோது நான்கரை நிமிடம். பிறகு ஆய்வக உதவியாளர் ஐயா எழுந்தார். நன்றி சொல்லிவிட்டு, "என் மகனும் இந்தப் பள்ளியில் படித்தவன்தான்" என்று அவரே சொன்னார். குரல் ஒரு நொடி நின்றது, பிறகு தொடர்ந்து பேசினார். அவர் தாமாகச் சொன்னதால் அதில் அவருடைய அளவு இருந்தது என்று எங்கள் கணித ஆசிரியர் சொல்கிறார். தலைமையாசிரியர் வேறு மாதிரி நினைக்கிறார். "நாம் ஒரு வரியில் சொல்லியிருந்தால், அதை அவர் தனியாகச் சுமந்துகொண்டு மேடை ஏற வேண்டியிருந்திருக்காது" என்கிறார்.

அடுத்த மாதம் எங்கள் இளநிலை உதவியாளருக்கு விழா. இந்த முறை வரைவு எழுதும் முன்பே அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்வருகிறேன்.

ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்

ஏற்புரை பற்றி யாருமே பதில் சொல்லவில்லையே. என் தம்பிக்கு ஆகஸ்டில் ஓய்வு. அவனும் என்னைப் போலத்தான், நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டான்.

ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர், வருவாய்த் துறை

மன்னியுங்கள் ஐயா, கவனிக்காமல் விட்டுவிட்டோம். தம்பியை மூன்று பேரை மட்டும் பெயர் சொல்லி நன்றி சொல்லச் சொல்லுங்கள்: வேலை கற்றுக்கொடுத்தவர், கூடவே உழைத்தவர், வீட்டில் காத்திருந்தவர். பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள், பார்த்து வாசிப்பதில் குறைவு ஒன்றும் இல்லை. மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். எந்தத் தடம், எந்தப் பணிமனை என்று எழுதினால் நானே ஒரு வரைவு போட்டுத் தருகிறேன்.