மெக்சிகோ மாமியாருக்கு அன்னையர் தின வாழ்த்து: ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்

நண்பர்களே, என் கணவர் டெக்சாஸில் வளர்ந்தவர். அவருடைய அம்மா மெக்சிகோவில், புவேப்லா பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். கணவர் அம்மாவோடு போனில் ஸ்பானிஷில் நன்றாகப் பேசுவார். அந்த மொழியைப் பள்ளியில் படிக்காததால் அவருக்கு எழுதத்தான் வராது. அதனால் வாட்ஸ்அப்பில் அனுப்ப நாலு வரியை நாங்கள் சேர்ந்து எழுதினோம். மெக்சிகோவில் அன்னையர் தினம் எப்போதும் மே 10தான், என்ன கிழமையாக இருந்தாலும். அதற்குள் சரிபார்க்க வேண்டும்.

"மமா, ஃபெலிஸ் தியா. லா எஸ்த்ரான்யோ முச்சோ. க்ராசியாஸ் போர் தோதோ லோ கே இசோ போர் மி. லெ மாந்தோ உன் அப்ராசோ."

அம்மா, வாழ்த்துகள், உங்களை ரொம்பத் தேடுகிறது, எனக்காகச் செய்த எல்லாவற்றுக்கும் நன்றி, ஒரு அணைப்பு அனுப்புகிறேன் என்று அர்த்தம்.

அவர்கள் வீட்டில் அம்மாவை 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார்கள், அதாவது 'உஸ்தெத்'. நெட்டில் கிடைக்கிற வாழ்த்து அட்டைகளில் பெரும்பாலும் 'தே எஸ்த்ரான்யோ' என்று 'நீ' போட்டிருக்கிறது. அதை 'லா' ஆக்கினால் மட்டும் போதாது, வினையும் மாற வேண்டும். அதனால் 'இசீஸ்தே'யை 'இசோ' ஆக்கினோம். கடைசி வரியில் 'தே' போய் 'லெ' வந்தது. மூன்றும் சரியா? ஒன்று தவறினாலும் பாதி மரியாதை, பாதி ஒருமை என்று ஆகிவிடும்.

அப்புறம், முடிவில் 'கே தியோஸ் லா பெந்தீகா', கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று சேர்க்க என் கணவருக்கு ஆசை. அம்மாதானே பிள்ளையை ஆசீர்வதிப்பார் என்று எனக்குத் தயக்கம். மெக்சிகோ குடும்பங்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள், பிள்ளை அம்மாவுக்கு இப்படி எழுதுவது வழக்கமா?