சிகாகோவில் பாஸ்போர்ட் போச்சுங்க: அவசரச் சான்றிதழா, புது பாஸ்போர்ட்டா?

காங்கேயத்துக்காரன்
எல்லாருக்கும் வணக்கமுங்க. சிகாகோ பக்கம் எச்-1பி விசாவுல வேலை பாக்கறேன். ரயில்ல வந்தப்ப பையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பாஸ்போர்ட் அதுக்குள்ள, விசா ஸ்டாம்ப்பும் அதுலதான். தங்கச்சி கல்யாணம் வருது, அப்பா தினமும் போன்ல "எப்படியாச்சும் வந்துரு சாமி"ங்கறாரு. கான்சுலேட்டுல அவசரச் சான்றிதழ்னு ஒண்ணு சீக்கிரமாத் தருவாங்களாம். அதை வாங்கிட்டு வந்துரலாமான்னு யோசிச்சேன், கடைசியில வாங்கலை, இங்கயே புது பாஸ்போர்ட்டுக்குப் போட்டுட்டேன். ஏன்னு சொல்றேன், இதே நிலைமையில இருக்கறவங்களுக்கு ஆகும்.

அந்தச் சான்றிதழ் இந்தியாவுக்கு ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும்தானுங்க. ஊருக்கு வந்து இறங்கின நிமிஷமே அதோட வேலை முடிஞ்சுரும். மறுபடி அமெரிக்கா வர, முதல்ல கோயம்புத்தூர்ல புது பாஸ்போர்ட் வாங்கணும். பாஸ்போர்ட் நம்பர் இல்லாம விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தை முடிக்கவே முடியாது, சென்னையில நேர்காணல் தேதியும் கிடைக்காது. ரெண்டு காத்திருப்பும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரும், ரெண்டும் ஊர்லயே. அத்தனை நாளும் கம்பெனி இடத்தை வெச்சிருக்குமான்னு யாருக்குத் தெரியும்?

திருப்பூர் பனியன்
தம்பி, இவ்வளவு பயப்பட வேண்டியதில்லைங்க. நான் பாங்காக்ல தொலைச்சுட்டு, போலீஸ் ரிப்போர்ட் எழுதி, எம்பஸியில அந்தச் சான்றிதழை வாங்கிட்டு நேரா வீடு வந்து சேர்ந்தேன். அப்புறமேலு இங்கயே புதுசு போட்டுக்கிட்டேன். ஒரு தொந்தரவும் இல்லை.

கோபி அக்கா
திருப்பூர் தம்பி, நீங்க சுற்றுலா போனவரு, திரும்பிப் போக வேண்டிய தேவை இல்லை. உங்களுக்கு அதுதான் சரியான வழி. அங்கேயே குடியிருந்து வேலை பாக்கறவங்க கணக்கு வேற.

காங்கேயம் தம்பி சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். என்ற வீட்டுக்காரருக்கு இதே மாதிரி நடந்துச்சு, நாங்க ஹூஸ்டன்ல இருந்தோம். புது பாஸ்போர்ட்டை அங்கயே வாங்கினாலும் பழைய விசா ஸ்டாம்ப் வராதுங்க. தொலைஞ்ச விசாவை அமெரிக்காவுக்குள்ள திருப்பித் தர மாட்டாங்க, வெளிநாட்டுல இருக்கற அவங்க தூதரகத்துலதான் மறுபடி கேக்கணும். ஆக எந்த வழியில போனாலும் சென்னை நேர்காணல் உண்டு. ஆனா புது பாஸ்போர்ட் கையில இருந்தா, அமெரிக்காவுல வேலை பாத்துக்கிட்டே படிவத்தைப் போட்டு, நேர்காணல் தேதியையும் பதிஞ்சு, அந்தத் தேதிக்குத் தோதா ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம். அவசரச் சான்றிதழ்ல அந்த வசதி இல்லை. வீட்டுல சாவுன்னா மட்டும் அதை எடுத்துக்கிட்டுப் போங்க, அப்ப வேற யோசனை கூடாது. கல்யாணத்துக்கு நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், விசா தொலைஞ்சா தங்கற உரிமையும் போயிருச்சுன்னு பலர் பதறுவாங்க. ஸ்டாம்ப் நாட்டுக்குள்ள நுழையறதுக்குத்தான். தங்கறதுக்கு ஐ-94 பதிவு இருக்குது. i94.cbp.dhs.gov போய் உடனே அச்செடுங்க. அதுக்குப் பழைய பாஸ்போர்ட் நம்பர் வேணும்.

காங்கேயத்துக்காரன்
ஆமாங்கக்கா, நம்பர்தான் எல்லாத்துக்கும் முதல். எனக்குப் பழைய விமான டிக்கெட் மெயில்லயும், கம்பெனி வக்கீல் வெச்சிருந்த நகல்லயும் கிடைச்சது. போலீஸ்ல புகார் கொடுக்கறப்ப "பை திருட்டு"ன்னு மட்டும் எழுதினாங்க. பாஸ்போர்ட் நம்பரை ரிப்போர்ட்டுல ஏத்தச் சொல்லி நான் கேட்டு வாங்கினேன். விண்ணப்பத்தை வாங்கற சென்டர்ல முதல்ல பார்த்தது அந்த வரியைத்தான்.

மத்தபடி, பாஸ்போர்ட் சேவா தளத்துல மறு வழங்கல், காரணம் தொலைந்ததுன்னு போட்டேன். எங்க, எப்படிப் போச்சுன்னு பிரமாணப் பத்திரம் ஒண்ணு இருக்கு, அனெக்ஸர் எஃப்ம்பாங்க. அதுல எழுதறதும் போலீஸ் ரிப்போர்ட்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும். ஒண்ணுல ரயில், இன்னொண்ணுல ஸ்டேஷன்னு இருந்தா கேள்வி வரும்.

ஈரோடு மஞ்சள்
நண்பரே, நானும் இப்படித் தொலைச்சுட்டு கான்சுலேட்டுல புதுசுக்குப் போட்டப்ப ஊருல ஆன கதையைக் கேளுங்க. பாஸ்போர்ட்டுல இருந்தது பெருந்துறை ரோட்டு வீட்டு விலாசம். அந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டு அப்பாவும் அம்மாவும் சென்னிமலை பக்கம் தோட்டத்து வீட்டுக்குப் போயிட்டாங்க. பழைய விலாசத்துக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கிட்ட, குடியிருக்கறவங்க "அப்படி யாரும் இங்க இல்லை"ன்னு சொல்லிட்டாங்க. அவங்க மேல தப்பில்லை, எங்களைத் தெரியாது. ரிப்போர்ட் பாதகமாப் போயிருச்சு. நான் கான்சுலேட்டுக்கு மெயில் போட்டுப் போட்டு பாக்கறேன், "இந்தியாவுல இருந்து அனுமதி வரலை"ன்னு ஒரே பதில். அப்பா ஸ்டேஷனுக்கு வீட்டு வரி ரசீதையும் ஆதாரையும் எடுத்துட்டுப் போய் நேர்ல சொன்ன பின்னாடிதான் நகர்ந்துச்சு.

கோபி அக்கா
இதை எல்லாரும் குறிச்சு வெச்சுக்கங்க. விண்ணப்பம் அமெரிக்காவுல போட்டாலும் முடிச்சு ஊருலதான் அவிழும். பழைய பாஸ்போர்ட் கோயம்புத்தூர்ல வழங்கினதுன்னா அந்த அலுவலகத்துல சரிபாத்துத்தான் கான்சுலேட் அடுத்த அடி வைக்கும். ஊருக்கு ஒரு போன் போட்டு, பழைய விலாசத்துல இருக்கறவங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லி வைங்க.

பல்லடம்
எனக்கு யாரும் விசாரிக்கவே வரலைங்களே? பாஸ்போர்ட் நேரா கைக்கு வந்துருச்சு.

கோபி அக்கா
உங்க பழையது எங்க வழங்கினது?

பல்லடம்
சிகாகோ கான்சுலேட்லயே, முன்னாடி ஒரு தடவை புதுப்பிச்சேன்.

கோபி அக்கா
அதனாலயா இருக்கலாம், அவங்க கையில இருந்த பதிவுதானே. ஆனா அப்படி வாங்கினவங்களுக்கும் விசாரணை வந்ததைப் பாத்திருக்கேன். ஒரு விதியா சொல்ல முடியலைங்க.

திருப்பூர் பனியன்
ஒரு சந்தேகம். விண்ணப்பிச்ச பிறகு பழைய பாஸ்போர்ட் கிடைச்சுட்டா? அதுல விசா இருக்குதே, அதையே காட்டிட்டு வந்துரலாமுல்ல, பணமும் மிச்சம்.

காங்கேயத்துக்காரன்
கூடாதுங்கண்ணா. எனக்கே பாதியில அப்படி ஆசை வந்துச்சு, ரயில்வேயில ஒரு பையைக் கண்டெடுத்தோம்னு போன் வந்தப்ப. அது என்னுது இல்லை. ஆனா என்னுதா இருந்தாலும் பயன்படாது. தொலைஞ்சதுன்னு பதிஞ்ச உடனே அந்த நம்பரை ரத்து பண்ணிருவாங்க. தொலைஞ்ச பாஸ்போர்ட்டுங்களோட பட்டியல் இன்டர்போல்லயும் இருக்கு. அதை நீட்டினா விமான நிலையத்துல நிறுத்திருவாங்க. கிடைச்சா கான்சுலேட்டுல ஒப்படைக்கணும். 1967ம் வருஷ பாஸ்போர்ட் சட்டப்படி அது அரசாங்கத்தோட சொத்து.

பல்லடம்
விசா படிவத்துல "பாஸ்போர்ட் தொலைஞ்சதா, விசா தொலைஞ்சதா"ன்னு தனித்தனியா கேப்பாங்க. ரெண்டுக்கும் ஆமாம்னு போட்டு, போலீஸ் ரிப்போர்ட் நகலையும் நேர்காணலுக்கு எடுத்துட்டுப் போங்க. நான் மறைக்காம எழுதினேன், அதிகாரி ஒரு கேள்வியோட விட்டுட்டாரு.

ஈரோடு மஞ்சள்
இன்னொண்ணு. புதுசுல, வேலைக்குப் போக அரசாங்க அனுமதி வேணும்ங்கற இசிஆர் முத்திரையைப் போட்டுத் தந்துட்டா வளைகுடா வேலைக்குப் போறவங்களுக்கு இடைஞ்சல் வரும். பத்தாம் வகுப்பு முடிச்சவங்களுக்கு அந்த முத்திரை வேண்டியதில்லை, அதனால மார்க் ஷீட்டை ஸ்கேன் எடுத்து வெச்சுக்கிட்டு விண்ணப்பத்தோட குடுங்க. என்ற அத்தை பையன் துபாய்ல போட்டப்ப அதை வெக்கலை, முத்திரை மாறி வந்துருச்சு.

காங்கேயத்துக்காரன்
நல்ல விஷயமுங்க. என்னுதுல மார்க் ஷீட் குடுத்திருக்கேன். இப்போ கோயம்புத்தூர் அனுமதிக்குத்தான் காத்திருக்கேன், கல்யாணத்துக்கு முன்னாடி வருமான்னு தெரியலை. பல்லடம் அண்ணா, நேர்காணல் தேதி உங்களுக்கு எத்தனை வாரம் கழிச்சுக் கிடைச்சது?