14,500 ரூபாய்ச் சுவர்

லால்குடிக் கொத்தனார்:

வேலையை நாள் கூலிக்கு விடுவதா, மொத்தமாக ஒரு தொகை பேசி விடுவதா என்று கேட்டால் எனக்கு நினைவு வருவது 2011 ஐப்பசியில் நடந்தது. நான் கொத்தனார் வேலை பழக வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. கலவை போடுவேன், சட்டி தூக்குவேன், மேஸ்திரி அசந்த நேரத்தில் கரண்டியை எடுத்துச் சுவரில் நாலு வீச்சு வீசிப் பார்ப்பேன். அப்போது எங்கள் குழுவில் மேஸ்திரிக்கு நாள் கூலி 450, இரண்டு சித்தாள்களுக்குத் தலைக்கு 250, பழகுகிறவன் என்பதால் எனக்கு 150. ஆக மொத்தம் ஒரு நாளைக்கு 1,100 ரூபாய்.

ஒரு பழைய மாடி வீட்டின் மேற்குச் சுவரை வெளியே பூச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். 30 அடி நீளம், 20 அடி உயரம், நடுவில் ஜன்னல் கூட இல்லை. சிமெண்டும் மணலும் வீட்டுக்காரர் வாங்கித் தருவார், எங்களுக்குக் கூலி மட்டும். மேஸ்திரி நாளைக்கு 120 சதுர அடி பூசுவார் என்று எனக்குத் தெரியும். 600 சதுர அடி என்றால் ஐந்து நாள், 5,500 ரூபாய் என்று மனதுக்குள் போட்டு முடித்துவிட்டேன்.

மேஸ்திரியோ கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ‘டொக்’ என்று கேட்ட இடத்திலெல்லாம் கரிக்கட்டையால் கோடு போட்டார். பிறகு மாடியில் ஏறித் தூக்குக்குண்டை இறக்கினார். கீழே வந்து, “14,500 ஆகும் ஐயா” என்றார்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கணக்காளர். “ஐந்து நாள் வேலைக்கா? நாள் கூலிக்கே வாருங்கள் மேஸ்திரி, நான் கொடுத்துவிடுகிறேன்” என்றார். எனக்கே வெட்கமாக இருந்தது. என் மேஸ்திரி கொள்ளை அடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

“நாள் கூலிக்கும் வருகிறேன். ஆனால் எத்தனை நாள் என்று என்னைக் கேட்கக்கூடாது” என்றார் மேஸ்திரி. வீட்டுக்காரர் சற்று யோசித்துவிட்டு 14,500க்கே சரி என்றார்.

முதல் நாள் சவுக்குக் கம்பு இறக்கிச் சாரம் கட்டுவதிலேயே போயிற்று. அடுத்த இரண்டு நாள் கரிக்கோடு போட்ட இடங்களைக் கொத்தித் தள்ளினோம். பழைய பூச்சு மூன்றில் இரண்டு பங்கு கையோடு வந்தது. மூன்று நாள் முடிந்தும் ஒரு சட்டிக் கலவை கூடச் சுவரில் ஏறவில்லை. நான் எண்ணிய ஐந்து நாளில் பூச்சைத் தவிர வேறெதுவும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பூச்சும் ஐந்து நாளில் முடியவில்லை. தூக்குக்குண்டு காட்டிய கோளாறு அங்கே வெளிப்பட்டது. சுவர் நடுவில் ஒன்றரை அங்குலம் உள்வாங்கியிருந்தது. அந்தப் பள்ளத்தை ஒரே வீச்சில் நிரப்பினால் கலவை தன் பாரத்திலேயே வழிந்து இறங்கிவிடும். அடிப்பூச்சு பூசி, கரண்டி முனையால் கீறிவிட்டு, மறுநாள்தான் மேல்பூச்சு. இடையில் ஒரு காலை நாங்கள் வந்து இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. வேலை இல்லை, ஆனாலும் மேஸ்திரி எல்லோருக்கும் அரைக்கூலி கொடுத்தார்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி தட்டிப் பார்த்தார். மேல் மூலையில், நான் தண்ணீர் சரியாக அடிக்காமல் விட்ட இடத்தில், அதே ‘டொக்’. காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டது, பூச்சு பிடிக்கவில்லை. முறம் அகலத்துக்குத்தான் இருக்கும். வீட்டுக்காரர் கண்ணில் படவே படாது. அதைக் கொத்தி எடுத்து மறுபடி பூசிவிட்டுச் சாரத்தைப் பிரித்தோம்.

சனிக்கிழமை இரவு டீக்கடையில் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்கு எழுதச் சொன்னார். சாரம் கட்ட 1,100. கொத்த 2,200. பூச்சு ஆறு நாள், 6,600. மழை நாள் 550. திருத்தமும் சாரம் பிரித்ததும் சேர்த்து 1,100. கம்பு, பலகை வாடகை 900. இடிபாடு அள்ளிய டிராக்டருக்கு 500. ஏழு நாள் காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் அடிக்க எனக்கு நாளைக்கு 50 வீதம் 350. கூட்டினால் 13,300. மிச்சம் 1,200.

“அண்ணே, அந்த 1,200 எதற்கு?” என்று கேட்டேன்.

“இன்னொரு நாள் மழை பெய்திருந்தால் அதில் பாதி போயிருக்கும். உன் மூலை இன்னும் பெரிதாக இருந்திருந்தால் மீதியும் போயிருக்கும். நாள் கூலி என்றால் அந்தத் திருத்தத்துக்கும் அவரிடமே காசு வாங்கியிருப்பேன், தெரியுமா?” என்றார்.

அந்த 1,200இல் எனக்குப் பைசா வரவில்லை. இரண்டு பரோட்டா வாங்கித் தந்தார்.

மதுரை வீட்டுக்காரர்:

உங்கள் மேஸ்திரி நல்லவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொத்தமாகப் பேசினால் எப்போதும் வீட்டுக்காரருக்கு நஷ்டம்தான், இலாபம் வைக்காமல் யார் பேசுவார்கள்? எங்கள் வீட்டில் மொத்தமாகப் பேசிய ஆள் ஆறு நாள் வேலையை நாலு நாளில் ஓட்டினார். மணலைச் சலிக்கக்கூட இல்லை. பூச்சு முழுக்கக் கிளிஞ்சலும் கூழாங்கல்லும். மறுவருடமே வெடிப்பு விட்டது.

லால்குடிக் கொத்தனார்:

அது நடக்கும். சீக்கிரம் முடித்தால் மிச்சம் அவருக்கு, இழுத்தால் அவர் கையைக் கடிக்கும், அதனால் ஓடுவார்கள். அதற்காக எப்போதும் நஷ்டம் என்று சொல்ல முடியாது. என் கணக்கில் எங்கள் நாட்களை மட்டும் கூட்டிப் பாருங்கள், 11,550. நாள் கூலிக்கு விட்டிருந்தால் வாடகை, டிராக்டர், தண்ணீர் அடித்த கூலி எல்லாம் அந்த வீட்டுக்காரர் தனியாகத்தான் கொடுத்திருப்பார். 1,200 கூடக் கொடுத்து அவர் தன் தலைவலியை மேஸ்திரி தலையில் இறக்கிவிட்டார். கடைசிப் பணத்தில் கொஞ்சம் நிறுத்தி வைத்து, காய்ந்தபின் நீங்களே தட்டிப் பார்த்துக் கொடுத்திருக்கலாம்.

சித்தாளாக இருந்தவள்:

பதினைந்து வருடம் சட்டி தூக்கியிருக்கிறேன். நாள் கூலியோ மொத்த வேலையோ, என் கையில் வந்தது ஒரே தொகைதான். மொத்த வேலை என்றால் மேஸ்திரி சாரத்தில் நின்று, “கலவை, கலவை” என்று விரட்டுவார், டீ குடிக்கும் நேரம் பாதியாகும். அந்த 1,200 யாருடைய முதுகிலிருந்து வந்தது என்பதையும் தாளில் எழுதியிருக்கலாமே தம்பி.

லால்குடிக் கொத்தனார்:

உண்மைதான் அக்கா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது நானும் மேஸ்திரி, நானும் விரட்டுகிறேன்.

சேலத்துக்காரர்:

டைல்ஸ் ஒட்ட இப்போது சதுர அடி என்ன விலை? சமையலறைத் தரை 90 சதுர அடி.

தஞ்சாவூர் ஆசிரியை:

எனக்கு ஒரு சந்தேகம். குளியலறைக்குப் பின்சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு பொடிப்பொடியாக உதிர்கிறது. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தட்டிக்கூடப் பார்க்காமல் 9,000 என்றார். இன்னொருவர் நாள் கூலிக்குத்தான் வருவேன் என்கிறார். முதல் ஆளையே பிடிக்கலாம் என்று இருக்கிறேன்.

லால்குடிக் கொத்தனார்:

கொஞ்சம் பொறுங்கள் டீச்சர். உப்புச் சுவரில் நான் நாள் கூலிதான் கேட்பேன். கொத்திப் பார்க்கும்வரை செங்கல் எதுவரை அரித்திருக்கிறது, உள்ளே குழாய் கசிகிறதா என்று யாருக்கும் தெரியாது. தெரியாத சுவருக்கு மொத்தமாகச் சொன்னால், பயத்தில் கூட்டிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மேலே பூசி மூடிவிட்டுப் போக வேண்டும். இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு, முதலில் ஒரே ஒரு நாள் கொத்தச் சொல்லுங்கள். செங்கல் தெரிந்தபிறகு மீதிக்கு அவரிடமே மொத்தமாகப் பேசலாம். அதற்கு முன்னால் பிளம்பரை வரவழைத்துக் குழாயைப் பார்த்துவிடுங்கள்.

சேலத்துக்காரர்:

டைல்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே?