மகள் கல்யாணத்துக்கு எஃப்டியா ஆர்டியா? பட்டவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை பால்கார அக்கா:
மகள் நர்சிங் மூன்றாவது வருடம். படிப்பு முடிந்து ஒரு வேலையில் உட்கார்ந்த பிறகு, அதாவது இன்னும் 3 வருடத்தில் கல்யாணம் என்று வைத்திருக்கிறோம். தோப்புக் குத்தகைப் பணம் 3 லட்சம் கையில் இருக்கிறது, பால் சங்கத்துப் பணத்தில் மாதம் 10,000 ஒதுக்கலாம். என் நாத்தனார் வீட்டில் நடந்ததைப் பார்த்ததில் இருந்துதான் இந்த யோசனை. அவர்கள் போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில் மாதம் 5,000 போட்டு வந்தார்கள். அது 5 வருடக் கணக்கு. மூன்றரை வருடத்தில் பொள்ளாச்சிப் பக்கமிருந்து நல்ல சம்பந்தம் வந்துவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் தை மாதமே முடிக்க வேண்டும் என்றார்கள். கட்டியது 2,10,000, முடித்தபோது வட்டி என்று கிடைத்தது சுமார் 15,000. நாத்தனார் கவுண்டரிலேயே சண்டைக்கு நின்றுவிட்டார்.

சித்தூர் ஓய்வு பெற்ற வங்கிக்காரர்:
சண்டை போட்டுப் பலனில்லை அம்மா, விதி அப்படித்தான். போஸ்ட் ஆபீஸ் ஆர்டியை 3 வருடம் முடிந்த பிறகுதான் இடையில் முடிக்கலாம், முடித்தால் சேவிங்ஸ் கணக்கு வட்டி 4 சதவீதம்தான். 6.7 சதவீதமே கிடைத்திருந்தால் 27,000 பக்கம் வந்திருக்கும். அவர்கள் முடிக்காமல், கணக்கில் இருப்பதில் பாதி வரை கடன் வாங்கியிருக்கலாம். ஒரு வருடத் தவணை கட்டியவர்களுக்கு அது உண்டு. கவுண்டரில் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். 3 வருடத்தில் கல்யாணம் என்றால் 5 வருடக் கணக்கே வேண்டாம், வங்கியில் 36 மாத ஆர்டி போடுங்கள்.

வேலந்தாவளம் கடைக்காரர்:
ஆர்டி என்பதே ஏமாற்று வேலைங்க. 7 சதவீதம் என்று போர்டில் எழுதியிருப்பார்கள், கையில் வருவது அதில் பாதி. நான் மாதம் 10,000 வீதம் 3 வருடம் கட்டினேன், 3,60,000-க்கு வட்டி 41,000 சொச்சம்தான். என் மச்சான் அதே தொகையை எஃப்டியில் போட்டு 83,000 வாங்கினான். அதே வங்கி, அதே 7 சதவீதம்!

சித்தூர் ஓய்வு பெற்ற வங்கிக்காரர்:
தொகை சரி, ஏமாற்று என்பது தப்பு தம்பி. உங்கள் முதல் 10,000 மூன்று வருடம் வட்டி சம்பாதித்தது, கடைசி 10,000 ஒரே ஒரு மாதம். மச்சான் பணம் முழுவதும் முதல் நாளிலேயே உள்ளே போய்விட்டது. கையில் மொத்தமாக இருந்தால் எஃப்டி, மாதாமாதம் வருவதென்றால் ஆர்டி. அக்காவுக்கு இரண்டும் இருக்கிறது, அதனால் இரண்டும்.

நல்லேப்பிள்ளி தறிக்காரர்:
நாங்கள் கேரள அரசின் கெ.எஸ்.எஃப்.ஈ. சிட்டியில், அதாவது ஏலச் சீட்டில் சேர்ந்தோம். ஏலத்தில் தள்ளி எடுத்து வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. மகனுக்குத்தான், மகள் இல்லை எங்களுக்கு.

கொழிஞ்சாம்பாறை பால்கார அக்கா:
சிட்டி வேண்டாம் அண்ணா, பக்கத்து வீட்டில் எடுத்த பணம் எதற்கோ போய்விட்டது. சார், தேதி முன்னாலேயே வந்தால் எஃப்டியும் இப்படித்தான் அடிவாங்குமா?

சித்தூர் ஓய்வு பெற்ற வங்கிக்காரர்:
உடைத்தால் அடிதான், ஆனால் உடைக்காமல் சமாளிக்க வழி இருக்கிறது. 3 லட்சம் 7 சதவீதத்தில் 3 வருடத்துக்குப் போட்டு, முடிய 3 மாதம் இருக்கும்போது மண்டபத்துக்கு அட்வான்ஸ் கேட்கிறார்கள் என்று வையுங்கள். உடைத்தால் பல வங்கிகளில், ஓடிய காலத்துக்கான வட்டியிலிருந்து அரை அல்லது ஒரு சதவீதம் கழிப்பார்கள். ஒரு சதவீதம் என்றாலும் ஏறக்குறைய 9,700 ரூபாய் போயிற்று, ஏனென்றால் கழிவு போட்ட நாளிலிருந்தே கணக்காகும். அதற்குப் பதில் அந்த டெபாசிட்டின் மேலேயே கடன் கேளுங்கள். பொதுவாக 90 சதவீதம் வரை, டெபாசிட் வட்டியைவிட ஒரு சதவீதம் கூடுதலாகக் கொடுப்பார்கள். 2,70,000-க்கு 8 சதவீதத்தில் 3 மாத வட்டி 5,400. அதே 3 மாதத்தில் டெபாசிட் 6,000-க்கு மேல் சேர்த்திருக்கும். கல்யாணம் ஒரு வருடம் முன்னால் வந்தால் இந்தக் கணக்கு மாறும், அப்போது உடைப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்காகவே 3 லட்சத்தை ஒரே ரசீதாகப் போடாமல் ஒரு லட்சம் வீதம் மூன்று ரசீதாகப் போடுங்கள். தேவைப்பட்டதை மட்டும் உடைத்தால் மற்றவை அதன்பாட்டில் ஓடும்.

கோபாலபுரம் டீச்சர்:
மகள் பெயரில் போட்டால் வரியே கிடையாதே அக்கா, அதைச் செய்யுங்கள்.

சித்தூர் ஓய்வு பெற்ற வங்கிக்காரர்:
18 தாண்டிய மகளென்றால் வட்டி அவள் கணக்கில் வரும், அதுவரை சரி டீச்சர். வேலைக்குப் போனதும் சம்பளத்தோடு சேர்த்து அவளுக்குத்தான் வரி பார்ப்பார்கள். பான் கார்டும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்தம் நேர்ந்தால் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

கொழிஞ்சாம்பாறை பால்கார அக்கா:
வீட்டுக்காரர் மகள் பெயரில்தான் என்கிறார், மாமியார் என் பெயரில் இருக்கட்டும் என்கிறார். மகளோ ஜெர்மனி போகப் போகிறேன், கல்யாணமெல்லாம் அப்புறம் என்கிறாள். 36 மாத ஆர்டியை மட்டும் திங்கட்கிழமை போட்டுவிடுகிறேன். ரசீது யார் பெயரில் என்பது இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.