கான்ஃபரன்ஸ் கேட்டரிங்: கன்ஃபர்மேஷன் மெயில்ல ஹெட்கவுண்ட்டை எப்படி எழுதுறீங்க? உங்க அனுபவம் சொல்லுங்க

மெஸ்காரன்_மயிலை
போன வாரம் ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனிக்கு ஒருநாள் கான்ஃபரன்ஸ், வெள்ளிக்கிழமை. தலைக்கு 450, காலை டீ, லஞ்ச், சாயங்கால டீ எல்லாம் சேர்த்து. மெயில்ல "செவ்வாய் சாயங்காலம் 5 மணிக்குள்ள ஃபைனல் எண்ணிக்கை, அதுக்கப்புறம் ஏத்தலாம், இறக்க முடியாது, கொடுத்த எண்ணிக்கை, வந்த எண்ணிக்கை, ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்கு பில்"னு போட்டிருந்தேன். அவங்க செவ்வாய் மதியம் 180னு பதில் போட்டாங்க. வியாழன் 4 மணிக்கு அட்மின் பொண்ணு போன் பண்ணி, சார் ஒரு டீமே வரல, 140 போட்டுக்கோங்கன்னாங்க. காலையிலேயே கோயம்பேட்டுல காய் எடுத்தாச்சு, பாலுக்கு சொல்லியாச்சு, சர்வீஸ் பசங்களுக்கு அட்வான்ஸும் போயாச்சு, இனி எங்க குறைக்க? அன்னைக்கு வந்தது 151. 151க்கு போட்டா 67,950, 180க்கு 81,000, ஜிஎஸ்டி தனி. அந்த "180"ங்கிற பதில் மெயிலை ஃபார்வர்ட் பண்ணேன், ஒரு பேச்சு இல்லாம ஒத்துக்கிட்டாங்க. நம்ம மெயில்ல எழுதுறது மட்டும் பத்தாது, நம்பரை அவங்க கையால டைப் பண்ண வைக்கணும்.

தாம்பரம்_தங்கை
அண்ணே எங்க வீட்டு வளைகாப்புக்கு 120 பேர் சொன்னோம், 90 பேர்தான் வந்தாங்க, முழு காசு வாங்கிட்டாரு. இது நியாயமா?

மெஸ்காரன்_மயிலை
அது பந்திம்மா, சொன்ன இலைக்கு மேல போனா எக்ஸ்ட்ரா இலைக் கணக்கு. உங்களுக்கு மெயில் எதுவும் வந்துச்சா, வாய்ப்பேச்சா? வாய்ப்பேச்சுன்னா ஒண்ணும் சொல்ல முடியாது.

அக்கவுண்ட்ஸ்_அக்கா
நான் ஒரு கேட்டரிங்ல பில்லிங் பாக்குறேன். மெயில் கன்ஃபர்ம் ஆச்சுன்னு சமைச்சுட்டு பின்னாடி அலையறவங்கதான் ஜாஸ்தி. பெரிய கம்பெனியில பர்ச்சேஸ் ஆர்டர், அதான் பிஓ நம்பர் இல்லாத பில்லை அக்கவுண்ட்ஸ் தொடவே மாட்டாங்க. அதனால எங்க மெயில்ல ஹெட்கவுண்ட் கட்-ஆஃபுக்கும் பிஓக்கும் ஒரே டைம்தான், பிஓ வரலைன்னா சாமான் வாங்க மாட்டோம்னு பளிச்சுனு இருக்கும். அப்புறம் "30 நாள்"னு மட்டும் எழுதாதீங்க, எதுலேர்ந்து 30 நாள்? நாம பில் கொடுத்த தேதியிலேர்ந்துன்னு எழுதலைன்னா, அவங்க சிஸ்டத்துல ஏத்தின தேதியிலேர்ந்து எண்ணுவாங்க, அங்கயே ரெண்டு வாரம் போயிடும். டிடிஎஸ் பிடிப்பாங்க, தனிநபர் தொழில்னா பொதுவா 1%, மெஸ்காரர் கணக்குல 810 ரூபா. ஜிஎஸ்டி பில்லுல தனியா காட்டினா அதுமேல பிடிக்கக்கூடாது, சிலர் மொத்தத்துல பிடிச்சுடுவாங்க, பாத்துக்கோங்க.

கிண்டி_குமார்
சிறுதொழில் பதிவு பண்ணி வாங்கின உத்யம் நம்பரை பில்லுல போட்டா போதும் ப்ரோ, 45 நாள்ல காசு தானா வந்துடும். சட்டமே இருக்கு.

அக்கவுண்ட்ஸ்_அக்கா
தானா எதுவும் வராது குமார். எழுதி ஒப்புக்கிட்ட கெடு இருந்தாதான் 45 நாள் வரைக்கும், எழுத்துல ஒண்ணும் இல்லைன்னா 15 நாள்தான். லேட் பண்ணா, காசு கட்டுற வரைக்கும் அந்த செலவை வருமான வரியில கழிக்க முடியாது, அந்த பயத்துலதான் மார்ச்ல அவங்களே கூப்பிட்டு செட்டில் பண்றாங்க. ஜூன்ல அந்த அவசரம் தெரியாது.

வடை_மாஸ்டர்
காசை விடுங்க, டைமிங்கை யாருமே ஒழுங்கா எழுதறதில்ல. "டீ பிரேக் 10:45"னு போட்டா நான் 10:40க்கு மெதுவடை எறக்கி வெச்சிருப்பேன், உள்ள பேச்சாளர் 11:10 வரைக்கும் விடமாட்டார், வடை ரப்பராயிடும், அப்புறம் ஃபீட்பேக்ல "ஃபுட் கோல்டு". இப்போ மெயில்ல "வாட்ஸப்ல சொன்ன பத்தாவது நிமிஷத்துல வடை வரும்"னு போட வெச்சிருக்கேன். அந்த பில்டிங்ல கேஸ் சிலிண்டர் விடுவாங்களா, சர்வீஸ் லிஃப்ட் எது, வண்டி நம்பர் எந்த நாளுக்குள்ள செக்யூரிட்டிக்கு கொடுக்கணும், இதையும் அதே மெயில்லயே கேட்டு வாங்கணும். சிலிண்டர் இல்லைன்னா பஜ்ஜி வேண்டாம், சுண்டல் போடுங்க. மெனுவுல "பொரியல்"னு சும்மா எழுதாம பீன்ஸா கோஸான்னு பேரோட எழுதுங்க. ஜெயின் சாப்பாட்டு எண்ணிக்கையும் தனியா கேளுங்க, வெங்காயம் பூண்டு மட்டும் இல்ல, உருளைக்கிழங்கும் கூடாது.

கிண்டி_குமார்
சரி, 151னு யார் எண்ணினாங்க? ஒரே ஆள் ரெண்டு பிளேட் எடுத்தா?

மெஸ்காரன்_மயிலை
பெரிய பிளேட்டை எண்ணித்தான் வெப்போம், முடிஞ்சதும் மிச்சத்தை அவங்க ஆளோட சேர்ந்து எண்ணி சீட்டுல கையெழுத்து. இந்த தடவை 180க்குள்ள இருந்ததால யாரும் சண்டை போடல. 200 போயிருந்தா ரெண்டாவது பிளேட் எடுத்தவங்களை கழிக்கச் சொல்லியிருப்பாங்க. அதுக்கு என்ன வரி எழுதறதுன்னு எனக்கும் தெரியல.

அக்கவுண்ட்ஸ்_அக்கா
நாங்க "பிளேட் எண்ணிக்கையே இறுதி"னு எழுதறோம், பாதி கிளையண்ட் அந்த வரியை வெட்டச் சொல்றாங்க. மைக் செட்டு பசங்க, டிரைவருங்க சாப்பாடும் அதுல சேருமா?

வடை_மாஸ்டர்
கண்டிப்பா சேரும். அவங்கதான் முதல்ல சாப்பிடறாங்க.