சம்மரியில் விட்டுப்போன முதுகு

ராயபுரம் ரேடியேஷன் ஜூனியர்:
இந்த மாதம் நடந்தது. தண்டையார்பேட்டை அம்மா ஒருவர், வயது 52. இடது மார்பகத்தை எடுத்தபின் எங்களிடம் கரண்ட் வைத்துக்கொண்டார். முடிந்த அன்று அவருடைய டாக்டருக்கு நான் எழுதிய சம்மரி ஒரே வரி: 'இடது மார்பகம், 40 கிரே முடிந்தது.' பத்தாம் நாள் அந்த டாக்டர் போன் செய்தார். அக்குள் மடிப்பில் தோல் உரிந்து நீர் கசிகிறதாம். தோளுக்குப் பின்னால் முதுகில் உள்ளங்கை அளவு சிவப்பு. படர்தாமரை என்று களிம்பு கொடுத்திருக்கிறார், கேட்கவில்லை. காலர் எலும்புக்கு மேல் முன்பக்கமாகக் கொடுத்த கதிர் வெளியேறும் இடம் அது. அங்கே கொடுத்ததையே நான் எழுதவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? சம்மரியில் என்னென்ன எழுத வேண்டும்?

பெரம்பூர் குடும்ப டாக்டர்:
மொத்த டோஸ் இருந்தாலே எனக்குப் போதும், அதை எத்தனை தடவையாகப் பிரித்தீர்கள் என்ற ஃபிராக்‌ஷன் உங்கள் கணக்கு. ஆனால் தோல் எப்போது மோசமாகும் என்று யாரும் எழுதுவதில்லை. சிகிச்சை முடிந்துவிட்டது, இனி ஆறும் என்றுதான் நானும் நினைப்பேன்.

22 வருடமாக இதே வேலை:
போதாது சார். எலும்பு வலிக்கு ஒரே தடவையில் 8 கிரே கொடுக்கிறோம். அதையே நாலாகப் பிரித்துக் கொடுத்தால் உடம்புக்கு அது வேறு கணக்கு. பிறகு அதே இடத்தில் மறுபடி கொடுக்க வேண்டி வந்தால் முதலில் தேடுவது இதைத்தான். தோல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மூன்று வாரத்தில் முடிக்கும்போது உச்சம் வீட்டுக்குப் போனபின்தான் வரும். தம்பி, இப்படி எழுதியிருக்கலாம்:

"இடம்: இடது மார்புச் சுவர், இடது காலர் எலும்புக்கு மேல் பகுதி (மார்பகம் அகற்றப்பட்டது). 40 கிரே, 15 ஃபிராக்‌ஷன், தடவைக்கு 2.67. தொடங்கிய நாள், கடைசி நாள். இன்று தோல்: இளஞ்சிவப்பு, உரியவில்லை. அடுத்த 7 முதல் 14 நாளில் கூடலாம். அக்குள் மடிப்பில் ஈரமாக உரியலாம், இடது மேல்முதுகிலும் சிவக்கலாம். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் ஆறும். காய்ச்சல், சீழ், கதிர் பட்ட எல்லையைத் தாண்டிப் பரவும் சிவப்பு இருந்தால் உடனே அனுப்பவும்."

அந்த எல்லைதான் முக்கியம். கதிரால் வந்த சிவப்பு கோடு போட்டதுபோல் நிற்கும்.

மெஷின் ரூமிலிருந்து:
தேதி இரண்டையும் விடாதீர்கள். நடுவில் மெஷின் நின்று ஒரு வாரம் தள்ளிப்போனால் அதிலிருந்துதான் தெரியும். திட்டமிட்ட டோஸை எழுதாமல் உண்மையில் கொடுத்ததை எழுதுங்கள். 13-ஆவதோடு நின்ற ஒருவருக்கு 15 என்று போன கடிதத்தைப் பார்த்திருக்கிறேன்.

வியாசர்பாடி மகள்:
இன்சூரன்ஸுக்கு வைக்கிற சம்மரியா இது? எங்கள் அப்பாவுக்குக் கழுத்தில் 66 கிரே, 33 தடவை. பேப்பரில் 'தோலைப் பார்த்துக்கொள்ளவும்' என்று மட்டும் இருந்தது. அப்பா வழக்கம்போல் பிளேடால் சவரம் செய்து ரத்தம் வந்துவிட்டது.

22 வருடமாக இதே வேலை:
இன்சூரன்ஸுக்கு இல்லை அம்மா, டாக்டருக்குப் போவது. ஆனால் நீங்கள் சொன்னது அதிலும் இருக்க வேண்டும். ஆறும்வரை பிளேடு வேண்டாம், எலெக்ட்ரிக் ஷேவர் போதும்.

பெரம்பூர் குடும்ப டாக்டர்:
கூடவே உடம்புப் படம் வரைந்து கதிர் பட்ட இடத்தைக் கோடிட்டால் எனக்கு உதவும்.

22 வருடமாக இதே வேலை:
கையால் வரைந்தால் எல்லை தப்பிவிடுமோ என்று எனக்குத் தயக்கம்.

ராயபுரம் ரேடியேஷன் ஜூனியர்:
போன் வந்தபிறகு நான் வரைந்துதான் அனுப்பினேன். களிம்பை நிறுத்தி, ஒட்டாத டிரெஸ்ஸிங் போடுகிறார்கள். முதுகுச் சிவப்பு மங்கிவிட்டது. அக்குள் இன்னும் முழுதாக ஆறவில்லை, செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.