முதலீட்டாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் நான் எழுதிய 1.47 கோடி

வெண்ணாற்றங்கரை, நீடாமங்கலம்:
2024 குறுவை முடிந்த கையோடு, புது நிறுவனங்களில் சொந்தப் பணத்தைப் போட்டுப் பங்கு வாங்கும் ஏஞ்சல் முதலீட்டாளர், முன்பின் அறியாத ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். களத்துக்கே இயந்திரத்தைக் கொண்டுபோய் நெல்லை உலர்த்தித் தருவது எங்கள் தொழில். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்து, அதை விளக்கவே நான்கு பத்திகளைச் செலவிட்டேன். அதற்குப் பிறகு, "இரண்டு இயந்திரங்கள், 35 நாட்கள், 1.47 கோடி ரூபாய் வர்த்தகம்" என்று தடித்த எழுத்தில் போட்டேன். நாங்கள் உலர்த்தியது 6,000 குவிண்டால் சன்ன ரகம். அதைக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய் என்ற கொள்முதல் விலையால் பெருக்கி வந்த தொகை அது.

மறுநாள் மாலை தூறல் விழுந்துகொண்டிருந்தது. நெல் குவியலின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. உமித்தூசி படிந்த கைபேசித் திரையைச் சட்டையில் துடைத்துப் படித்தேன். "இதில் உங்கள் கணக்குக்கு வந்த தொகை எவ்வளவு?" என்ற ஒரே வரிதான் இருந்தது. கிலோவுக்கு ஒரு ரூபாய் இருபது காசு வீதம் எங்களுக்கு வந்தது 7.2 லட்சம். அதை மறைக்காமல் எழுதினேன். அதன் பிறகு அவரிடமிருந்து பதிலே இல்லை. பொய் சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இருந்ததில்லை. இருந்தாலும் அவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

குடமுருட்டி, பாபநாசம்:
எண்ணைப் பார்த்து அவர் ஒதுங்கியிருக்க மாட்டார், பங்குக்கு மதிப்பை மீறிக் கொடுத்த தொகைமேல் நிறுவனத்துக்கு விழும் ஏஞ்சல் வரிக்குப் பயந்துதான் ஒதுங்கியிருப்பார். எனக்கும் ஒருவர் அதையே காரணமாகச் சொன்னார். மேலும் எங்களுடையது கூட்டாண்மை நிறுவனம் என்று தெரிந்ததும் பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டார்.

கொள்ளிடக்கரை, திருவையாறு:
குடமுருட்டி ஐயா, அந்த வரியை 2024 ஜூலை பட்ஜெட்டிலேயே நீக்குவதாக அறிவித்துவிட்டார்கள், ஆகவே இனி அது தடையில்லை. கூட்டாண்மை பற்றி நீங்கள் சொன்னது சரி. பங்கு கொடுக்க முடியாத நிறுவனத்தில் ஏஞ்சல் பணம் போட வழியில்லை, பிரைவேட் லிமிடெட் ஆன பிறகே எழுத வேண்டும்.

நீடாமங்கலம் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஒரு முதலீட்டாளர் குழுவுக்கு வரும் மின்னஞ்சல்களை முதலில் படித்துப் பிரிப்பது என் வேலை. நெல்லின் விலை உழவருடையது, உங்கள் வருமானம் உலர்த்தும் கூலி மட்டுமே. இரண்டையும் கலந்த மின்னஞ்சலைக் கண்டால், அதிலுள்ள மற்ற எண்களையும் நாங்கள் நம்புவதில்லை. அந்த 7.2 லட்சம் சிறிய தொகை என்று நீங்கள் தயங்கியிருக்கலாம். ஆனால் டீசலும் ஆள்கூலியும் போக அதில் எவ்வளவு நின்றது, குறுவைக்கு அழைத்தவர்களில் எத்தனை பேர் மறுபடியும் அழைத்தார்கள் என்ற இரண்டையும் பக்கத்திலேயே எழுதியிருந்தால் அந்தச் சிறிய தொகையே பேசியிருக்கும். எவ்வளவு பணம் கேட்டீர்கள், எதற்குக் கேட்டீர்கள் என்பதையும் நீங்கள் இங்கே எழுதவில்லை.

முள்ளியாறு, திருத்துறைப்பூண்டி:
வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை தம்பி, மேலாளரை நேரில் போய்ப் பாருங்கள். என் அரிசி ஆலைக்குக் கடன் கேட்டபோது திட்ட அறிக்கையை மூன்று முறை திருத்தச் சொன்னார்கள். நான்காம் முறை ஆலையின் மின்கட்டண ரசீதுகளைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன், கடன் கிடைத்தது.

வெண்ணாற்றங்கரை, நீடாமங்கலம்:
முள்ளியாறு ஐயா, நான் எழுதியது வங்கிக்கு அல்ல. ஆனால் ரசீதைக் காட்டுவது பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் பொருந்துகிறது. கொள்ளிடக்கரை அம்மா, நான்கு இயந்திரங்கள் வாங்க 60 லட்சம் கேட்டிருந்தேன். நேற்று வேறொருவருக்கு எழுதியது இது:

"ஐயா, வணக்கம். குறுவை அறுவடை மழையில் மாட்டுவதால், டெல்டா உழவர்களின் நெல் ஈரப்பதம் காரணமாகக் கொள்முதல் நிலையத்தில் காத்துக்கிடக்கிறது. அதை நாங்கள் களத்திலேயே உலர்த்தித் தருகிறோம். 2024 குறுவையில் 94 உழவர்களிடமிருந்து 7.2 லட்சம் கூலி பெற்றோம், செலவு 4.6 லட்சம். அவர்களில் 41 பேர் தாளடிக்கும் அழைத்தார்கள். இயந்திரத்தை இயக்குபவர்களின் சம்பளத்துக்கும் முன்பதிவு வசதிக்குமாக 20 லட்சம் தேடுகிறோம். செவ்வாய் அல்லது புதன் மாலை 15 நிமிடங்கள் தொலைபேசியில் பேச இயலுமா?"

கொள்ளிடக்கரை, திருவையாறு:
இயந்திரத்துக்கான தொகையை எடுத்தது நல்லது. அதற்கு வேளாண் உட்கட்டமைப்பு நிதியின் கீழ் 3 சதவீத வட்டிச் சலுகையுடன் கடன் கிடைக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். இரும்பு வாங்குவதற்காகப் பங்கை விற்காதீர்கள். 4.6 லட்சத்தில் உங்கள் சம்பளமும் இயந்திரத் தேய்மானமும் சேர்ந்திருக்கின்றனவா?

வெண்ணாற்றங்கரை, நீடாமங்கலம்:
இரண்டுமே சேரவில்லை. இன்று காலை பதில் வந்தது, புதன் மாலை ஆறு மணிக்குப் பேசச் சம்மதித்திருக்கிறார். அறுவடை இல்லாத மாதங்களில் இயந்திரம் என்ன செய்யும் என்பதை யோசித்து வரச் சொல்லியிருக்கிறார். உளுந்து உலர்த்தலாம் என்று நினைக்கிறேன், ஆனால் இதுவரை ஒரு மூட்டைகூட உலர்த்திப் பார்த்ததில்லை. உளுந்தை இயந்திரத்தில் உலர்த்தியவர்கள் இருந்தால், எந்தச் சூட்டில் பருப்பு உடைந்தது என்பதைப் புதன்கிழமைக்கு முன்பாக எழுதுங்கள்.